ஒரேயளவோ, கூடவோ? தரம் 1, 2 பிள்ளையின் சிந்தனைப் பருவத்தைத் தண்ணீர் ஊற்றிக் கண்டறியும் முறை

தரம் 2 பிள்ளை ஒன்று ஏழு புளியங்கொட்டைகளை விரல் வைத்து எண்ணி, "ஏழு" என்று சரியாகச் சொல்கிறது. அதே கொட்டைகளை அதன் கண் முன்னாலேயே நீங்கள் அகலப் பரப்பிவிட்டு, "இப்ப எத்தனை?" என்று கேட்கிறீர்கள். பிள்ளை திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது. கட்டுறுப் பயிற்சிக்கு வந்திருக்கும் ஆசிரிய மாணவர் பலர் இந்த இடத்தில், "பிள்ளைக்கு எண்ணத் தெரியேல்லை" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிடுகிறார்கள். பிள்ளைக்கு எண்ணத் தெரியும். கொட்டைகளை நகர்த்தினாலும் எண்ணிக்கை மாறாது என்பதுதான் அதற்கு இன்னும் உறுதியாகவில்லை.

கல்வியியற் கல்லூரியில் உளவியல் பாடத்தில் பியாஜேயின் நான்கு பருவங்களை எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். பிறப்பிலிருந்து ஏறத்தாழ 2 வயது வரை புலனியக்கப் பருவம், 2 முதல் 7 வரை செயற்பாட்டுக்கு முந்திய பருவம், 7 முதல் 11 வரை தூல செயற்பாட்டுப் பருவம், அதற்குப் பின் முறைசார் செயற்பாட்டுப் பருவம். பரீட்சைக்கு அது போதும். வகுப்பறைக்கு வந்ததும் உதவுவது ஒரே ஒரு திருப்பம்: இரண்டாம் பருவத்திலிருந்து மூன்றாம் பருவத்துக்குப் பிள்ளை கடக்கும் இடம். நம் நாட்டில் ஜனவரி 31 அன்று ஐந்து வயது நிரம்பிய பிள்ளை தரம் 1க்கு வருகிறது. ஆகவே முதலாம் முதன்மை நிலை, அதாவது தரம் 1, 2 முழுவதும், அநேக பிள்ளைகள் இந்தத் திருப்பத்தில்தான் நிற்கிறார்கள். ஒரே வாங்கிலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் கடந்திருப்பார், மற்றவர் கடந்திருக்க மாட்டார். வன்னியில் பல சின்னப் பாடசாலைகளில் இரண்டு தரங்களையும் ஒரே ஆசிரியர் ஒரே மண்டபத்தில் வைத்துப் படிப்பிப்பதால், யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்துகொள்ளும் தேவை இன்னும் கூடுகிறது.

அதைக் கண்டறியும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரு பிள்ளைக்கு பத்து நிமிடம் போதும்.

எதைத் தேடுகிறோம்

பியாஜே 1919 அளவில் பாரிஸில், பிள்ளைகளுக்கான தர்க்கச் சோதனைகளைத் தரப்படுத்தும் வேலையில் சேர்ந்தார். சரியான விடைகளை எண்ணுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அவருடைய கவனமோ பிழையான விடைகள் பக்கம் போனது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரிப் பிழை விடுவதைக் கண்டு, அந்தப் பிழைக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார். நாம் செய்யப்போவதும் அதுதான். பிள்ளையின் விடையைவிட, அதற்குப் பிள்ளை சொல்லும் காரணம் நமக்கு முக்கியம்.

தேடும் பொருளுக்குப் பெயர் காப்பு எண்ணக்கரு. வடிவம் மாறினாலும், இடம் மாறினாலும், எதையும் கூட்டாமல் குறைக்காமல் விட்டால் அளவு அப்படியே இருக்கும் என்ற அறிவு அது. செயற்பாட்டுக்கு முந்திய பருவத்துப் பிள்ளை கண்ணில் படும் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் உயர்ந்து நின்றால் உயரம் மட்டும் தெரிகிறது, பாத்திரம் ஒடுங்கியிருப்பது கணக்கில் வருவதில்லை. நடந்ததை மனதுக்குள் பின்னோக்கி ஓட்டி, "திரும்ப ஊற்றினால் பழைய மாதிரித்தானே வரும்" என்று பார்க்கவும் அதற்கு இன்னும் முடியாது. இந்த இரண்டும் கைகூடும் பிள்ளை தூல செயற்பாட்டுப் பருவத்துக்குள் கால் வைத்துவிட்டது.

பொருட்களை ஆயத்தம் செய்தல்

ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் கிளாஸ்கள் வேண்டும். அடியிலும் வாயிலும் ஒரே அகலமாக இருந்தால் நல்லது. அடுத்து, கிளாஸைவிட ஒடுங்கிய, உயரமான ஒரு போத்தல். வாய் அகன்ற, தட்டையான ஒரு கண்ணாடிக் கோப்பை. எல்லாம் உள்ளே தெரிவதாக இருக்க வேண்டும். எவர்சில்வர் பேணி சரிவராது, ஏனென்றால் பிள்ளைக்குத் தண்ணீரின் மட்டம் பக்கவாட்டில் தெரியாது. தண்ணீருக்குள் இரண்டு கரண்டி தேயிலைச் சாயம் விட்டால் மட்டம் தெளிவாக நிற்கும். கிளாஸில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். சிந்தினால் முழுப் பரிசோதனையும் பிழைத்துவிடும்.

இடம், வகுப்பின் சத்தத்துக்கு வெளியே, மர நிழலில் ஒரு மேசை. மற்றப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது, முதல் பிள்ளையின் விடையை ஐந்து நிமிடத்தில் முழு வகுப்பும் பாடமாக்கிவிடும்.

முதற் படி: பிள்ளையே சமப்படுத்தட்டும்

இரண்டு கிளாஸிலும் ஏறத்தாழ ஒரேயளவு ஊற்றிவிட்டு, ஒன்று உங்களுக்கு, மற்றது பிள்ளைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். "எனக்கும் உங்களுக்கும் குடிக்க ஒரேயளவு இருக்கோ?" என்று கேளுங்கள். பிள்ளை இல்லை என்றால் கரண்டியைக் கொடுத்து, சரியாக்கச் சொல்லுங்கள். பிள்ளை குனிந்து மட்டம் பார்த்து, ஒரு சொட்டு விட்டு, ஒரு சொட்டு எடுத்து, கடைசியில் "ஓம், இப்ப ஒரேயளவு" என்று தானே சொல்ல வேண்டும். நீங்கள் "ரெண்டும் ஒரேயளவுதானே?" என்று கேட்டு, பிள்ளை தலையாட்டினால் அதைக் கணக்கில் எடுக்க முடியாது. தொடக்கச் சமத்தைப் பிள்ளை உண்மையில் ஏற்காவிட்டால் பின்னால் வரும் விடைக்கு அர்த்தமே இல்லை.

கேள்வியில் வரும் சொல்லையும் கவனியுங்கள். "எது பெரிசு?" என்று கேட்கவே வேண்டாம். நம் பேச்சில் பெரிசு என்றால் உயரமானதும் பெரிசு, பருத்ததும் பெரிசு, வயது கூடியவரும் பெரியவர். உயரமான போத்தலைக் காட்டி "இதுதான் பெரிசு" என்று சொல்லும் பிள்ளை பிழை சொல்லவில்லை, நீங்கள் கேட்டதற்குச் சரியாகவே விடை சொல்லியிருக்கிறது. "ஆருக்குக் குடிக்கக் கூடத் தண்ணி இருக்கு? எனக்கோ, உங்களுக்கோ, ரெண்டு பேருக்கும் ஒரேயளவோ?" என்று மூன்று தெரிவையும் வைத்துக் கேளுங்கள். மூன்றாவது தெரிவை விட்டுவிட்டால், இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: ஊற்றுவது யார்?

புத்தகங்களில் பரிசோதிப்பவரே ஊற்றுவார். நான் முதல் தடவை அப்படிச் செய்து, இரண்டாம் தடவை பிள்ளையை ஊற்ற விடுகிறேன். பட்ரீசியா கிறீன்ஃபீல்ட் செனகலில் வொலொவ் மொழி பேசும் பிள்ளைகளோடு செய்து 1966இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் சிலர், "நீங்கள் ஊற்றினபடியால் கூடிவிட்டது" என்று சொன்னார்கள். பெரியவரின் கைக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்ற நினைப்பு அது. அதே பிள்ளைகள் தாங்களே ஊற்றியபோது, அளவு மாறவில்லை என்று சொன்னவர்கள் கணிசமாகக் கூடினார்கள். ஆசிரியர் செய்தால் அதில் ஏதோ இருக்கும் என்று நம்பும் பிள்ளைகள் நம் ஊரிலும் நிறையப் பேர்.

அதே ஆய்வில் இன்னொரு பயனுள்ள விஷயமும் உண்டு. "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டபோது அந்தப் பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். "ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்டதும் தாராளமாகப் பேசினார்கள். இதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். "ஏன் நினைக்கிறீங்கள்?" என்றால் தான் பிழை விட்டுவிட்டேன் என்று பயந்து தலை குனியும் பிள்ளை, "ஏன் இதுக்குள்ள கூட இருக்கு?" என்றால் வாய் திறக்கிறது.

மூன்றாம் படி: காரணம், பிறகு மறுபேச்சு

சென்ற வருடம் துணுக்காய்ப் பக்கம் ஒரு சின்னப் பாடசாலையில் தரம் 2 சிறுமி ஒருத்தியோடு நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். வயது ஆறரை. எண்ணுவதில் கெட்டிக்காரி, நூறு வரை தடக்கமில்லாமல் போவாள்.

அவளுடைய கிளாஸை நான் போத்தலுக்குள் ஊற்றினேன். மட்டம் உயர்ந்து நின்றது.

"இப்ப ஆருக்குக் கூட இருக்கு? எனக்கோ, உங்களுக்கோ, ஒரேயளவோ?"

"எனக்கு."

"ஏன் உங்களுக்குக் கூட இருக்கு?"

"இஞ்ச பாருங்கோ ரீச்சர், மேல வந்திட்டுது."

"போன கிழமை ஒரு தம்பி, போத்தல் ஒடுங்கல், அதாலதான் உயர்ந்து நிக்குது, தண்ணி ஒரேயளவுதான் எண்டு சொன்னவர். அவர் சொன்னது சரியோ?"

அவள் போத்தலைச் சுற்றிப் பார்த்தாள், கிளாஸோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். "இல்லை. அவர் வடிவாப் பார்க்கேல்லை."

பிள்ளையின் விடைக்கு எதிரான விடையை வேறொரு பிள்ளை சொன்னதாக வைத்துக் கேட்கும் இந்த மறுபேச்சு ஜெனீவாவில் பியாஜேயின் குழுவினர் வழக்கமாகச் செய்தது. ஆசிரியர் சொன்னதாக வைத்தால் பிள்ளை உடனே மாறிவிடும், இன்னொரு பிள்ளை சொன்னதென்றால் தயங்காமல் மறுக்கும். மறுபேச்சிலும் அசையாத பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெளிவாகத் தெரிந்துவிடுகிறது.

பிறகு போத்தலிலிருந்து அவள் கிளாஸுக்கே திரும்ப ஊற்றச் சொன்னேன். "இப்ப?" "ஒரேயளவு." அடுத்து அவளையே தட்டைக் கோப்பைக்குள் ஊற்றச் சொன்னேன். மட்டம் கீழே போனது. "இப்ப உங்களுக்குக் கூட, ரீச்சர்," என்றவள் சற்று நிறுத்தி, "ஆனா நான் ஒண்டும் சிந்தேல்லையே" என்றாள். முகத்தில் குழப்பம். நான் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பில் அவளுடைய அந்த வசனத்தை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தப் பத்து நிமிடமும். முதல் ஊற்றலில் அவள் முழுக்க முந்திய பருவத்தில் நின்றாள். தானே ஊற்றியபோது கண் சொல்வதும் கை செய்ததும் அவளுக்குள் மோதத் தொடங்கின. இது இடைநிலை. இந்த மோதலைப் பிள்ளையே தீர்க்க வேண்டும். "அது ஒரேயளவுதான் பிள்ளை" என்று நீங்கள் தீர்த்துவைத்தால் உங்கள் சொல்லைத்தான் அவள் கற்றுக்கொள்வாள்.

விடையைத் தரம் பிரித்தல்

"ஒரேயளவு" என்ற விடை மட்டும் போதாது, அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் மூன்று வகைகளில் ஒன்றாக வரும். "ஒண்டும் கூட்டேல்லை, ஒண்டும் எடுக்கேல்லை" என்பது ஒன்று. "திரும்ப ஊத்தினா முந்தி மாதிரி வரும்" என்பது இரண்டாவது. "போத்தல் உயரம், ஆனா ஒடுங்கல்" என்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றைச் சொல்லி, மறுபேச்சிலும் அசையாமல் நின்றால் பிள்ளைக்குத் திரவக் காப்பு வந்துவிட்டது. ஒரு பாத்திரத்துக்கு ஒரேயளவு என்றும் மறு பாத்திரத்துக்குக் கூட என்றும் சொன்னால் இடைநிலை.

பிழையாகத் தரம் பிரிக்கும் இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பையன் "போத்தலுக்குள்ள குறைய" என்றான். நான் 'காப்பு இல்லை' என்று எழுதப் போகும்போது, ஊற்றிய கிளாஸைத் தூக்கிக் காட்டி, "அடியில கொஞ்சம் ஒட்டிக்கொண்டு கிடக்கு" என்றான். அவன் சொன்னது முழு உண்மை. என்னைவிட அவன் நுணுக்கமாகப் பார்த்திருந்தான். காரணம் கேட்காமல் விடையை மட்டும் எழுதினால் இப்படிப்பட்ட பிள்ளையைப் பின்தங்கியவராக்கிவிடுவோம்.

இன்னொரு பொறி, ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்பது. "ஒரேயளவோ?" என்று கேட்டு, ஓம் என்ற பிள்ளையிடம், ஊற்றிவிட்டுத் திரும்பவும் "ஒரேயளவோ?" என்றால், முதல் விடை பிழை போல என்று பிள்ளை நினைக்க இடமுண்டு. வகுப்பில் நாம் இரண்டாம் தடவை கேட்பதே விடை பிழையாக இருக்கும்போதுதானே. ரோஸும் பிளாங்கும் 1974இல், வில்லை வரிசைகளை வைத்து, வரிசையை மாற்றிய பிறகு மட்டும் ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளின் பிழைகள் குறைந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் மக்காரிகலும் டொனால்ட்சனும், வில்லைகளின் வரிசையைப் பெரியவர் குழப்பாமல், ஒரு குறும்புக்காரப் பொம்மைக் கரடி வந்து குழப்புவதாகச் செய்தபோது, சரியாகச் சொன்ன பிள்ளைகள் பெருமளவு கூடினார்கள். ஆகவே சந்தேகம் வந்தால் அடுத்த நாள், முதல் கேள்வியை விட்டுவிட்டு, ஊற்றிய பின் மட்டும் கேட்டுப் பாருங்கள். இரண்டு முறையிலும் "கூட" என்று சொல்லும் பிள்ளைதான் உண்மையில் முந்திய பருவத்தில் நிற்கிறது. பியாஜே கொடுத்த வயதுகளைவிடச் சற்று முன்னதாகவே இந்த அறிவு பிள்ளைகளிடம் முளைவிடுகிறது என்பதை இந்த ஆய்வுகள் காட்டின. அவர் சொன்ன வரிசை அநேகமாகச் சரி, வயதை மட்டும் கல்லில் எழுதியதாக எடுக்கக் கூடாது.

கொட்டைகளோடு ஒரு தடவை

எண்ணின் காப்பு பொதுவாகத் தண்ணீருக்குச் சற்று முன்னரே வருகிறது. ஏழு புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாக, இரண்டு விரல் இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்று வைத்து இன்னொரு வரிசையைப் பிள்ளை அமைக்கட்டும். பிறகு ஒரு வரிசையை நீட்டுங்கள். "எதில கூட?" என்று கேட்டால் முந்திய பருவத்துப் பிள்ளை நீண்ட வரிசையைக் காட்டும். எண்ணச் சொன்னால் இதிலும் ஏழு, அதிலும் ஏழு என்று எண்ணிவிட்டு, அப்போதும் "இதில கூட" என்று சொல்லும். முதன்முதல் பார்க்கும் ஆசிரிய மாணவர் இதை நம்பவே மாட்டார். அந்தப் பிள்ளைக்கு ஏழு என்பது எண்ணி முடிக்கும்போது வரும் கடைசிச் சொல், அவ்வளவுதான். அது அளவைச் சொல்கிறது என்பது இன்னும் ஒட்டவில்லை.

இந்தப் பிள்ளையிடம் □ + 4 = 9 போன்ற கணக்கைக் கொடுத்தால் 13 என்று எழுதும். பிள்ளை கவனமில்லாமல் எழுதிய விடை அல்ல இது. ஒன்பதிலிருந்து பின்னோக்கி வர அதற்கு இன்னும் வழி இல்லாததால், கண்ணில் பட்ட இரண்டு எண்களையும் கூட்டிவிடுகிறது. கரும்பலகையில் இருபது தடவை விளக்கினாலும் பயனில்லை. ஒன்பது கொட்டைகளை வைத்து, நாலைச் சிரட்டையால் மூடி, திறந்து, மூடி, பிள்ளையின் கையாலேயே போகவும் வரவும் செய்யவிடுங்கள்.

வகுப்பில் என்ன செய்வது

அந்தச் சிறுமிக்கு நான் செய்தது மிகச் சாதாரணம். அவள் வீட்டில் தினமும் அரிசி அளக்கும் சுண்டை வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னேன். வழிகாட்டப்பட்ட விளையாட்டு நேரத்தில் மணல் தொட்டியில் நாலு சுண்டு மணலை ஒரு வாளிக்குள்ளும், நாலு சுண்டை ஒரு பெரிய தட்டுக்குள்ளும் போடச் சொன்னேன். "வாளிக்குள்ள எத்தனை சுண்டு? தட்டுக்குள்ள எத்தனை சுண்டு?" திரும்ப அளந்து எடுக்கவும் சொன்னேன். வாரத்தில் மூன்று நாள், பதினைந்து நிமிடம். சில நாள் வாய்க்காலோரம் தண்ணீரோடு. ஒரு நாளும் "பார்த்தியோ, ஒரேயளவு" என்று நான் சொல்லவில்லை.

கையால் செய்த அனுபவம் இதில் எவ்வளவு உதவும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. மெக்சிக்கோவில் மண்பாண்டம் வனைவோரின் பிள்ளைகள், களிமண்ணின் வடிவம் மாறினாலும் அளவு மாறாது என்பதை மற்றப் பிள்ளைகளைவிட முன்னதாக அறிந்திருந்ததை 1969இல் பிரைஸ்-வில்லியம்ஸ் குழுவினர் காட்டினார்கள். நம் பிள்ளைகளில் நெல் அள்ளிக் கட்டும் வீட்டுப் பிள்ளைக்கும், வெயில் காலத்தில் பவுசர் வரும்போது கானில் தண்ணீர் பிடிக்கும் பிள்ளைக்கும் அளவு பற்றிய கைப்பழக்கம் இருக்கிறது. எந்தப் பொருளோடு பழகியிருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

ஏழு வாரம் கழித்து வேறு பாத்திரங்களோடு திரும்பச் சோதித்தேன். பழைய பாத்திரங்களைப் பாவித்தால் பழைய ஞாபகமும் விடை சொல்லும். அவள் தயங்காமல், "ஒரேயளவு. இது அகலம், அதால கீழ இருக்கு" என்றாள். மனப்பாடமோ என்று பார்க்க, ஊற்றும்போது அவள் பார்க்கவே இரண்டு கரண்டி தண்ணீரைக் கூட விட்டுவிட்டு, அதே கேள்வியைக் கேட்டேன். வெறுமனே "ஒரேயளவு" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளை இங்கேயும் அதையே சொல்லும். அவள், "இப்ப நீங்கள் கூட விட்டிட்டீங்கள்" என்றாள். சரி, வந்துவிட்டது.

அப்புறம் ரொட்டி மாவில் தேசிக்காய் அளவில் இரண்டு உருண்டை பிடித்து, ஒன்றைப் பாம்பாக உருட்டச் சொன்னேன். மாவின் அளவு ஒன்றுதான் என்றாள். கையில் தூக்கிப் பார்க்காமல், "எது பாரம்?" என்று கேட்டேன். "உருண்டை. பாம்பு மெல்லிசு," என்றாள். அதைத் திருத்த நான் போகவில்லை. நிறையின் காப்பு பொதுவாக ஒன்பது, பத்து வயதளவில்தான் வருகிறது. அவளுடைய பதிவேட்டில் எண், திரவம், மா மூன்றுக்கும் நேரே 'உண்டு' என்று எழுதி, நிறைக்கு நேரே 'இன்னும் இல்லை, தரம் 4இல் பார்க்கவும்' என்று எழுதி வைத்தேன்.